ஆடிச் சாரலில் துணி காயவைத்த கதை: 2 ஈரப்பத மீட்டர், 1 எக்ஸாஸ்ட் ஃபேன், 1 ஊதுபத்தி

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் சாரலைக் கூட்டிக்கொண்டே வரும். பெரிய மழை இருக்காது, ஆனால் வெயிலும் இருக்காது. போன ஆனியில் பையனின் பள்ளிச் சீருடை 2 நாள் கொடியில் கிடந்தும் காயவில்லை. மூன்றாம் நாள் இஸ்திரி போட்டு அனுப்பினோம், வாடையோடுதான் போனான். அதே வாரம் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரும்புள்ளியாகப் பூஞ்சை, பீரோவின் பின்தகட்டில் வெள்ளைப் படலம். அன்றைக்கு ஆரம்பித்தது ஐப்பசி முடியும்போதுதான் ஒரு நிலைக்கு வந்தது. இப்போது ஒரு சுமை துணி காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்கிறது, சுவர் சுத்தமாக இருக்கிறது. நடுவில் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பாதியை எல்லா வீட்டிலும் செய்கிறோம்.

முதல் தவறு, அறையைச் சாத்தியது. துணி காயப்போடும் அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. வெளியே ஈரமாக இருக்கிறதே, அந்த ஈரம் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல் இரண்டையும் சாத்தி, சீலிங் ஃபேனை முழு வேகத்தில் விட்டோம். இதைத்தான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம். துணி முதல் 2 மணி நேரம் நன்றாகக் காய்வதுபோல இருக்கும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். ராத்திரி கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி ஒரு புழுக்கம்.

என்ன நடக்கிறது என்று தெரிய ஈரப்பதம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று 320 ரூபாய். ஒன்று அறைக்குள், ஒன்று வெளியே தாழ்வாரத்தில். வாங்கியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 6% வித்தியாசம் காட்டின. எது சரி என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. பாட்டில் மூடி ஒன்றில் பொடி உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சேறு மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காற்றுப் போகாத ஜிப் பையில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதத்தில் வந்து நிற்கும். என்னுடையதில் ஒன்று 71 காட்டியது, இன்னொன்று 77. முதலாவதோடு 4 கூட்டு, இரண்டாவதில் 2 கழி என்று பின்னால் மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டேன். கீழே சொல்கிற எண்களெல்லாம் திருத்தியவை.

அடுத்தது தராசு. பயணப் பெட்டி தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு, 250 ரூபாய். இந்தத் தராசு இல்லையென்றால் மீதி எதுவும் பிடிபட்டிருக்காது. காய்ந்த துணி 3.8 கிலோ. மெஷினில் துவைத்து, பிழிந்து, எடுத்து நிறுத்தால் 6.3 கிலோ. அதாவது கொடியில் போடுகிற நேரத்தில் துணிக்குள் இரண்டரை லிட்டர் தண்ணீர். அந்த இரண்டரை லிட்டரும் அறையின் காற்றுக்குள் போயாக வேண்டும்.

அறையின் காற்றில் அவ்வளவு இடம் இருக்கிறதா? அறை 1,200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 24.4 கிராம் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். முழு அறையும் சேர்ந்து 830 கிராம். மீட்டர் 75% காட்டும்போதே அதில் 620 கிராம் நிறைந்திருக்கிறது. மிச்ச இடம் 210 கிராம். துணியில் இருப்பது 2,500. சாத்திய அறையில் ஃபேன் என்ன வேகத்தில் சுற்றினாலும் அந்தத் தண்ணீர் போவதற்கு இடமே இல்லை, கொஞ்சம் சுவரில் போய் ஏறும், மீதி துணியிலேயே நிற்கும். பீரோவுக்குப் பின்னால் கறுத்ததற்குக் காரணம் இந்தக் கணக்கில் தெரிந்தது.

சரி, முதலில் தண்ணீரைக் குறைக்கலாம். திருப்பூரில் சாயப்பட்டறையில் 20 வருஷம் இருந்த மாமா ஒருவர் பக்கத்துத் தோட்டம். அவரிடம் சொன்னபோது, "ஏனுங்க, எங்க பட்டறையில ஹைட்ரோவுல போட்டுப் பிழியாம துணிய டிரையர் பக்கம் கொண்டே போக மாட்டோமுங்க. சுத்திப் பிழியறதுக்கு ஆகற கரண்டு கொஞ்சம், காத்துல காயவெக்கறதுக்கு ஆகற செலவுதான் ஜாஸ்தி" என்றார். அதை வீட்டில் செய்து பார்த்தேன். துவைத்து முடிந்ததும் துணியை இரண்டு பாதியாகப் பிரித்து, உதறி, ஒவ்வொரு பாதியையும் தனியாக இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டினேன். பாதிக்குப் பாதி பிரிப்பதுதான் முக்கியம், முழுச் சுமையையும் அப்படியே மறுபடி சுற்றினால் ஒட்டிக் கிடக்கிற துணியிலிருந்து அதிகம் வராது. நிறுத்தால் மொத்தம் 5.8 கிலோ. இருபது நிமிஷத்துக்குள் அரை லிட்டர் போய்விட்டது. அதே அரை லிட்டரைக் காற்றில் போக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஜரிகை வேட்டி, மெல்லிய காட்டன் சேலை இவற்றுக்கு இரண்டாவது ஸ்பின் வேண்டாம், சுருக்கம் இறுகிவிடும்.

அடுத்து ஜன்னலைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வி. இதில்தான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். உள் மீட்டர் 90% காட்டும், வெளி மீட்டரும் 90% காட்டும். அப்படியானால் திறந்து என்ன பயன் என்று விட்டுவிடுவேன். என் மச்சான் கோயம்புத்தூரில் நூல்மில்லில் ஹ்யூமிடிட்டி பிளான்ட் பார்க்கிறவர். நூல் அறாமல் ஓட மில்லுக்குள் காற்றில் ஈரம் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள், அதை அளந்து அளந்து பழகியவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது மீட்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, சதவீதத்த மட்டும் பாத்து ஏமாறாதீங்க. பக்கத்துல டெம்பரேச்சர் என்ன காட்டுதுன்னு பாருங்க. கிராமுக்கு மாத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். மீட்டர் காட்டுகிற சதவீதம் என்பது அந்தச் சூட்டில் தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது மட்டும்தான். ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் அதிகபட்ச அளவு 22 டிகிரியில் 19.4 கிராம், 24-ல் 21.8, 26-ல் 24.4, 28-ல் 27.2, 30-ல் 30.4. இந்த ஐந்து எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். அன்றைக்கு உள்ளே 26 டிகிரி, 90%. கிராம் கணக்கில் 22. வெளியே 24 டிகிரி, அதே 90%. கிராம் கணக்கில் 19.6. வெளிக்காற்று ஒவ்வொரு கன மீட்டரும் உள்காற்றைவிட 2.4 கிராம் காய்ந்தது. சாரல் விழுந்துகொண்டிருக்கும்போதே அது துணிக்கு நல்ல காற்றுதான். அத்தனை வருஷமும் அந்தக் காற்றை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருந்தோம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் 6 அங்குலம், 1,450 ரூபாய். சுவர் உடைக்க மனமில்லை. ஜன்னலின் மேல்கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு அதே அளவுக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வெட்டி, வட்டம் போட்டு, ஃபேனைப் பொருத்தினேன். பலகைக்கும் ஆசாரி கூலிக்கும் சேர்த்து 700.

முதலில் மேற்கு ஜன்னலில் வைத்தேன், அது தவறு. ஆடிக் காற்று மேற்கிலிருந்து நேராக வந்து ஃபேன் மூஞ்சியில் அடிக்கிறது. ஃபேன் வெளியே தள்ளப் பார்க்கிறது, காற்று உள்ளே தள்ளுகிறது, பின்பக்க மடல்கள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் முழுக்க ஓடியும் துண்டு ஈரமாகவே இருந்தது. பலகையோடு கழற்றிக் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினேன். அங்கேயும் முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றினேன். ஃபேனுக்குக் கீழே இருந்த ஜன்னல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. புகை அந்த வழியாக உள்ளே வந்து, நேராக மேலே ஏறி, ஃபேன் வழியாக வெளியே போகிறது. கொடிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைக் காட்டினால் புகை அசையாமல் நிற்கிறது. ஃபேன் தன் பக்கத்துக் காற்றையே குடித்துக்கொண்டிருந்தது.

கிழக்கு ஜன்னலை முழுக்கச் சாத்தினேன். மேற்கு ஜன்னலின் கீழ்க்கதவை மூன்று விரல் அளவுக்குத் திறந்து ஊக்குப் போட்டேன். மேலே சன்ஷேடு இருப்பதால் அந்த அளவுக்குச் சாரல் உள்ளே வரவில்லை. சமையலறைப் பக்கக் கதவைச் சாத்தி அடியில் துணியைச் சுருட்டி வைத்தேன், இல்லாவிட்டால் சோறு வேகிற ஆவியையும் ஃபேன் இழுத்து வந்து துணிமேல் விடும். மறுபடி ஊதுபத்தி காட்டினால் புகை மேற்கிலிருந்து கிளம்பி, கொடிகளுக்கு நடுவில் புகுந்து, கிழக்கே மேலே போய் வெளியேறியது. எக்ஸாஸ்ட் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கிற அன்றைக்கே ஒரு ஊதுபத்தியும் கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.

கொடியையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்னால் கொடிகள் காற்றுக்குக் குறுக்கே இருந்தன, முதல் வரிசைத் துணி சுவர் மாதிரி நின்று பின்வரிசைக்குக் காற்றைத் தடுத்தது. இப்போது காற்று போகும் திசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்காக, நான்கு கொடி, கொடிக்குக் கொடி ஒரு சாண் இடைவெளி. டேபிள் ஃபேனை மேற்கு ஜன்னல் பக்கம் தரையில் வைத்துத் துணியின் அடிப்பகுதியைப் பார்த்துத் திருப்பினேன், தண்ணீர் கீழேதான் இறங்கி நிற்கிறது. ஜீன்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, இடுப்புப் பக்கத்தை இரண்டு கிளிப்பில் விரித்துத் தொங்கவிட வேண்டும், பைத்துணி வெளியே நிற்க வேண்டும்.

ஃபேன் டப்பாவில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருக்கிறது. வலையும் மடலும் தடுப்பதால் 200 என்று வைத்தேன். 200 பெருக்கல் 2.4 என்றால் மணிக்கு 480 கிராம். இரண்டு லிட்டருக்கு நாலேகால் மணி நேரம் வர வேண்டும். நடந்தது 7 மணி நேரம். ஆரம்பத்தில் தண்ணீர் வேகமாகப் போகிறது, கடைசியில் தையல், காலர், இடுப்புப்பட்டை இவற்றிலிருந்து மெதுவாகத்தான் வருகிறது, அப்போது அறைக்காற்றும் வெளிக்காற்றும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால் ஃபேன் எடுத்துப்போக அதிகம் இருக்காது. தொட்டுப் பார்த்துக் காய்ந்ததா என்று சொல்ல முடியாது, சாரல் காலத்தில் குளிர்ந்த துணி காய்ந்திருந்தாலும் ஈரமாகத் தெரியும். அதனால் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். வெயிலில் காய்ந்தபோது 420 கிராம், இரண்டாவது ஸ்பின் முடிந்து 640. சாரல் நாளில் 440-க்கு வந்து, ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தாலும் 440 என்றால் அந்தக் காற்றில் அவ்வளவுதான் காயும், எடுத்து மடிக்கலாம். இரண்டு ஃபேனும் சேர்ந்து 80 வாட், 7 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

ஆடி, ஆவணி இப்படி நன்றாகப் போனது. ஐப்பசியில் மறுபடி அடி வாங்கினேன்.

ஐப்பசி மழை வேறு மாதிரி. காற்று இருக்காது, சாயங்காலம் இடியோடு கொட்டும், மறுநாள் பதினொரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்படி நாலு நாள் மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம் வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் வீட்டின் எல்லா ஜன்னலையும் திறந்து ஃபேனையும் போட்டுவிட்டோம். வெளி மீட்டர் 78% காட்டியது, உள் மீட்டர் 82%. வெளியே காய்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரத்தில் வீட்டம்மா, "தரையெல்லாம் வேர்த்துப் போய்க் கிடக்குதுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். டைல்ஸ் முழுக்க நீர்முத்து.

அட்டையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். வெளியே 30 டிகிரி, 78%, அதாவது 23.7 கிராம். உள்ளே 26 டிகிரி, 82%, அதாவது 20 கிராம். நனைந்த தோப்பு மேல் வெயில் அடித்துக் கிளம்பிய ஆவி அத்தனையையும் உள்ளே இழுத்துவிட்டேன். நாலு நாள் குளிர்ந்து கிடந்த தரையும் சுவரும் 24 டிகிரி. 24-ல் காற்று தாங்குவதே 21.8 கிராம்தான். மிச்சம் தரையில் தண்ணீராக இறங்கியது. அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றிவிட்டோம். மழைக்கு அடுத்த நாள் வெயிலில் துணி வெளிக்கொடிக்குப் போகும், வீட்டு ஜன்னல்கள் மத்தியானம் சாத்தியிருக்கும். ராத்திரி வெளியே குளிர்ந்த பிறகு, கிராம் கணக்கில் வெளியே குறைந்தது ஒன்றரை கிராமாவது கம்மி என்றால் திறந்து ஃபேனைப் போடுவோம். வித்தியாசம் அதற்கும் கீழே இருந்தால் 7 மணி நேரம் 12 மணி நேரமாகிவிடும். ஐப்பசியில் அப்படிச் சில நாள்கள் வரத்தான் செய்கின்றன, அந்த நாளில் அவசியமான சீருடையை மட்டும் துவைக்கிறோம்.

இனி பீரோவுக்குப் பின்சுவர். வெளியிலிருந்து மழைநீர் கசிகிறதா, இல்லை உள்காற்றின் ஈரமா என்று தெரியாமல் பெயிண்ட் அடித்தால் பணம் வீண். ஒரு அடிச் சதுரம் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 2 நாள் விட்டேன். தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, முன்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்று. பின்பக்கம் காய்ந்து, முன்பக்கம் பனித்திருந்தது. அறைக்காற்றுதான்.

மச்சான் மில்லிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி மாதிரி இருக்கும் தெர்மாமீட்டரில் பார்த்தால் அறை 26 டிகிரி, பீரோவுக்குப் பின்சுவர் 24. அறை மீட்டர் 75% காட்டுகிறபோது காற்றில் 18.3 கிராம். அதே காற்று 24 டிகிரிச் சுவரைத் தொடுகிற இடத்தில் 84% ஆகிவிடுகிறது. சுவரின் மேல்பரப்பு 80 சதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க அதுவே போதும், தண்ணீர் வழிய வேண்டியதில்லை. அதனால் அறை மீட்டர் 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன், 65 வந்தால் இன்னும் நல்லது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் முன்னால் இழுத்து, கால்களுக்கு அடியில் கட்டை வைத்துத் தூக்கினேன், காற்று அடியில் புகுந்து பின்னால் ஏறிப்போகும்.

பூஞ்சையைத் துடைத்தபோது முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிட்டேன், அது பெரிய தவறு. தூள் அறை முழுக்கப் பறந்தது, அப்பாவுக்கு இரண்டு நாள் இருமல். பிறகு மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மட்டும் துடைத்து, துணியை உடனே வெளியே எடுத்துப்போனேன். சுவர் நன்றாகக் காய ஒரு வாரம் விட்டு, பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தேன். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. கைபட்டால் வெள்ளை ஒட்டும், பீரோவுக்குப் பின்னால் யார் கை படப் போகிறது.

நடுவில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஆறு வாங்கி அறையில் வைத்தேன், 900 ரூபாய். ஒரு வாரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தது. ஆறும் சேர்ந்து ஒரு சுமைத் துணியின் தண்ணீரைக்கூட எடுக்கவில்லை. சாத்திய பீரோவுக்குள் பட்டுச் சேலை அடுக்கில் ஒன்று வைத்தால் பயன் உண்டு, அறைக்கு உதவாது.

மொத்தச் செலவு மீட்டர் 640, தராசு 250, எக்ஸாஸ்ட் 1,450, பலகையும் கூலியும் 700, கொடிக் கயிறும் கொக்கியும் 260, சுண்ணாம்பு 180. 3,480 ரூபாய். டப்பாவுக்குப் போன 900 தனி.

இந்த வருஷம் ஆனிக்கு முன்னால் மாற்ற வேண்டியது இரண்டு. உள் மீட்டரைக் கொடிப் பக்கத்திலிருந்து எடுத்துப் பீரோவுக்குப் பின்னால் மாட்டப் போகிறேன், எண் மோசமாகிற இடம் அதுதான். இன்னொன்று அந்தச் சுவரின் வெளிப்பக்கம். மேற்குச் சாரல் நேராக அடித்து நனைத்து, ஆவியாகும்போது சுவரைக் குளிரவைக்கிறது. இரண்டடி அகலத்துக்குத் தகரச் சரிவு ஒன்று இறக்கினால் சுவர் நனையாது. ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன், 9 அடி நீளம், 4,200 கேட்கிறார்.